தூணை ஒட்டி ஓர் ஓட்டை: ஃப்ளாட் ஸ்லாப்பில் பஞ்சிங் ஷியர் பற்றிச் சில மறுபார்வைக் குறிப்புகள்

(இறுதியாண்டு சிவில் மாணவர் ஒருவர்)

பீம் இல்லாத தளம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம். சென்ட்ரிங் சுலபம், சீலிங் சமமாக இருக்கும், குழாயும் டக்ட்டும் வளையாமல் நெளியாமல் ஓடும். டிசைன் வகுப்பில் பேனலை எடுத்து, காலம் ஸ்ட்ரிப், மிடில் ஸ்ட்ரிப் என்று பிரித்து, மொமெண்ட் போட்டு, கம்பி இடைவெளி கண்டுபிடித்ததும் கணக்கு முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் வரும் பஞ்சிங் ஷியர் சரிபார்ப்பை அவசரமாக எழுதி "எனவே பாதுகாப்பானது" என்று அடிக்கோடு போட்டுவிடுகிறோம். அந்த நாலு வரிதான் இந்தக் கட்டுரை. அதிலும் குறிப்பாக, தூணுக்குப் பக்கத்தில் தளத்தில் ஓட்டை இருந்தால் அந்த நாலு வரி என்ன ஆகிறது என்பதை மட்டும் பார்க்கப் போகிறோம்.

முந்தைய பேட்ச் சீனியர்கள் வைத்துவிட்டுப் போன ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எங்கள் குழுவிடம் கொடுத்து, "டிசைன் செய்ய வேண்டாம், ரிவ்யூ மட்டும் செய்யுங்கள்" என்றார் எங்கள் லெக்சரர். 6 மீட்டருக்கு 6 மீட்டர் பேனல். 400 மி.மீ. சதுரத் தூண். ட்ராப் கிடையாது, தூண் தலைப்பும் கிடையாது. தளம் 240 மி.மீ. கனம், எம்-30 கான்கிரீட். நடுத்தூண் ஒன்றின் பக்கத்தில், தூண் முகத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி, 300 மி.மீ. சதுரத்தில் பிளம்பிங் குழாய்களுக்காக ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: காலம் ஸ்ட்ரிப் அகலம் 3,000 மி.மீ., அதில் எட்டில் ஒரு பங்கு 375, ஓட்டை 300, எனவே சரி.

அந்த வரி பொய் இல்லை. ஐ.எஸ். 456:2000-இல் 31.8 என்ற பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இரண்டு காலம் ஸ்ட்ரிப்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், அதாவது தூணைச் சுற்றியுள்ள பகுதியில், ஸ்ட்ரிப் அகலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டையால் தடைபடக் கூடாது. தடைபட்ட கம்பிக்கு ஈடான கம்பியை ஓட்டையின் எல்லாப் பக்கமும் சேர்க்க வேண்டும். ஆனால் அதே பிரிவின் கடைசியில், ஷியருக்கான 31.6-இன் தேவைகளும் நிறைவேற வேண்டும் என்று ஒரு சின்ன வரி இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு என்பது வளைவுக்கான விதி. கம்பி எவ்வளவு அறுபடுகிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு வருமா என்று அது பார்ப்பதே இல்லை. முதல் விதியில் பாஸ் ஆன ஓட்டை இரண்டாவதில் ஃபெயில் ஆகலாம். இந்த ரிப்போர்ட்டில் நடந்தது அதுதான்.

கணக்குக்குப் போவதற்கு முன் பஞ்சிங் என்றால் என்ன என்பதை ஒரு தடவை மனதில் படமாகப் பார்த்துவிடுவோம். பொரித்த அப்பளத்தை இரண்டு ஓரத்தில் தாங்கிக்கொண்டு நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் வளைந்து, தொங்கி, நேரம் கொடுத்து உடைவதில்லை. விரலைச் சுற்றி ஒரு துண்டு பொசுக்கென்று பெயர்ந்துவிடும். தளத்திலும் இதே கதைதான், தலைகீழாக. தூண் அசையாமல் நிற்கும். தளம் கீழே இறங்கப் பார்க்கும். தளத்தின் அடியில் தூண் முகத்தில் தொடங்கும் சாய்வான விரிசல், மேலே போகப் போக விரிந்து, கவிழ்த்து வைக்காத புனல் மாதிரி ஒரு துண்டைத் தூண் தலையில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கீழே தள்ளிவிடும்.

அந்தச் சாய்ந்த பரப்பை அப்படியே கணக்கில் எடுப்பது கஷ்டம். அதனால் தூண் முகத்திலிருந்து d/2 தூரத்தில் செங்குத்தாக ஒரு வேலி போட்ட மாதிரி நினைத்துக்கொள்ளச் சொல்கிறது நம் கோடு. இங்கே d என்பது எஃபெக்டிவ் டெப்த். அந்த வேலிதான் கிரிட்டிக்கல் செக்ஷன். வேலியின் சுற்றளவை d-யால் பெருக்கினால் ஷியரைத் தாங்கும் பரப்பு கிடைக்கும். எல்லாமே இந்தச் சுற்றளவில்தான் இருக்கிறது. ஓட்டை திருடுவதும் அதைத்தான்.

முதலில் ஓட்டையே இல்லை என்று வைத்துப் பார்ப்போம். 240-இல் 25 கவர், 12 மி.மீ. கம்பி இரண்டு அடுக்கு. இரண்டு திசைக்கும் சராசரியாக d ஏறக்குறைய 200 மி.மீ. தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 6, தரைப்பூச்சு 1.5, லைவ் லோடு 4, ஆக 11.5 கிலோநியூட்டன். 1.5-ஆல் பெருக்கினால் 17.25. ஒரு நடுத்தூண் 36 சதுர மீட்டரைச் சுமக்கிறது. அது 621 கிலோநியூட்டன். வேலிக்குள்ளேயே விழும் எடை நேரே தூணுக்குப் போய்விடும் என்பதால் அதைக் கழித்தால் 615. வேலியின் ஒரு பக்கம் 400 + 200 = 600 மி.மீ., சுற்றளவு 2,400 மி.மீ.

τv = 615000 / (2400 × 200) = 1.28 N/mm²

கான்கிரீட் மட்டும் தாங்கக்கூடியது:

τc = 0.25 √fck = 0.25 √30 = 1.37 N/mm²

சதுரத் தூண் என்பதால் ks ஒன்றுதான், குறைப்பு இல்லை. 1.28 என்பது 1.37-ஐ விடக் குறைவு. பாஸ்தான், ஆனால் நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே மிச்சம். எம்-25 போட்டிருந்தால் அனுமதி 1.25 ஆகி, ஓட்டை இல்லாமலேயே ஃபெயில் ஆகியிருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ட்ராப் இல்லாத தளத்தின் கனத்தைப் பெரும்பாலும் இந்தச் சரிபார்ப்புதான் முடிவு செய்கிறது. கனத்தை இதற்கு மட்டுமட்டாக வைப்பதுதான் வழக்கம். ஆகவே மிச்சம் இவ்வளவுதான் இருக்கும். அந்த மிச்சத்தைச் சாப்பிட ஒரு குழாய் ஓட்டை போதும்.

இப்போது ஓட்டையை வைப்போம். கோடு 31.6.1.2 சொல்லும் வழி ரொம்பச் சுலபம். சைட்டில் கொத்தனார் நூல் பிடிப்பது மாதிரிதான். தூணின் மையத்தில் ஓர் ஆணி அடித்ததாக நினையுங்கள். அதிலிருந்து இரண்டு நூல்களை இழுத்து, ஓட்டையின் இரண்டு ஓரங்களையும் தொடுகிற மாதிரி பிடியுங்கள். அந்த இரண்டு நூல்களுக்கு நடுவில் அகப்படும் வேலித் துண்டு இனி உங்கள் கணக்கில் கிடையாது. காரணம் இதுதான்: தளத்தின் எடை நாலு புறமிருந்தும் தூணை நோக்கி ஆரம் ஆரமாக வருகிறது. நடுவில் ஓட்டை இருந்தால் அந்த வழியாக வர வேண்டிய எடை சுற்றிக்கொண்டு பக்கத்துப் பாதைகளில் நுழையும். ஓட்டைக்கும் தூணுக்கும் நடுவில் நல்ல கான்கிரீட் இருக்கலாம். ஆனால் அதற்கு எடையைக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை.

நம் ஓட்டையின் கிட்ட ஓரம் தூண் மையத்திலிருந்து 200 + 150 = 350 மி.மீ. தூரம். வேலி இருப்பது மையத்திலிருந்து 300 மி.மீ.-இல். ஓட்டை வேலியைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். "தொடவில்லையே, பிறகென்ன" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் நூல் பிடித்தால் ஒத்த முக்கோணத்தில்

300 × 300 / 350 = 257 mm

போய்விட்டது. மிச்சம் 2,143 மி.மீ. இப்போது

τv = 615000 / (2143 × 200) = 1.435 N/mm²

அனுமதி 1.37. ஃபெயில். எட்டில் ஒரு பங்கு விதியில் நிம்மதியாகப் பாஸ் ஆன அதே ஓட்டை.

இதோடு முடியவில்லை. வேலியில் ஒரு பக்கத்தில் மட்டும் 257 மி.மீ. காணாமல் போனால் மிச்சமிருக்கும் வேலியின் மையம் தூணின் மையத்தில் இருக்காது. ஓட்டைக்கு எதிர்ப்புறம் நகர்ந்துவிடும். எவ்வளவு? 257-ஐ 300-ஆல் பெருக்கி 2,143-ஆல் வகுத்தால் 36 மி.மீ. சின்ன எண்தான். ஆனால் 615 கிலோநியூட்டன் தூணின் மையத்தில் வந்து இறங்குகிறது. தாங்கும் வேலியோ 36 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஆகவே 22 கிலோநியூட்டன்-மீட்டர் மொமெண்ட் தானாகவே முளைக்கிறது. தளத்தில் எடை சமமாக இருந்தாலும் இது வரும். ஷியர் ஸ்ட்ரெஸ் கிரிட்டிக்கல் செக்ஷனின் சென்ட்ராய்டைப் பொறுத்து நேர்கோட்டில் மாறுவதாக எடுக்க வேண்டும் என்று கோடு சொல்கிறது. சென்ட்ராய்டு என்பது ஓட்டை கழிந்த வேலியின் சென்ட்ராய்டு என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சதுரத் தூணுக்கு அந்த மொமெண்ட்டில் 0.4 பங்கு ஷியராக மாறும். அதைப் போட்டுப் பார்த்ததில் ஓட்டை இருக்கும் பக்கத்தில் இன்னும் 0.12 கூடியது. ஆக உச்சம் ஏறக்குறைய 1.56. கான்கிரீட் ஏற்கெனவே குறைந்துபோன பக்கத்திலேயே ஸ்ட்ரெஸ்ஸும் அதிகம். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்!

(கணக்கு புரிய வேண்டும் என்பதற்காகப் பக்கத்துப் பேனல்களில் லைவ் லோடு மாறி மாறி வரும்போது உண்டாகும் மொமெண்ட்டை நான் விட்டுவிட்டேன். நிஜ வேலையில் அதையும் இதன் மேல் கூட்ட வேண்டும். ஓரத்தூணிலும் மூலைத்தூணிலும் அந்த மொமெண்ட் பெரிதாக இருக்கும். அங்கே ஓட்டை இன்னும் ஆபத்து.)

சரி, ஓட்டையை எங்கேதான் வைப்பது? இந்தக் கேள்வியில்தான் எங்கள் குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. "தூணின் முகத்துக்கு நேரே வைத்தால்தானே பிரச்சினை, மூலைவிட்டத்தில் தள்ளி வைத்துவிடலாம்" என்றான் ஒரு நண்பன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வரைந்து பார்த்தோம். இரண்டு திசையிலும் அதே 150 மி.மீ. இடைவெளி விட்டு, தூணின் மூலைக்கு எதிரே அதே 300 மி.மீ. சதுர ஓட்டை. இப்போது நூல்கள் ஓட்டையின் கிட்ட மூலையைத் தொடாது. பக்கத்து இரண்டு மூலைகளைத் தொடும். வேலியின் இரண்டு பக்கங்களிலும் மூலையை ஒட்டி 138 மி.மீ. வீதம், மொத்தம் 277 மி.மீ. போகிறது. முகத்துக்கு நேரே வைத்தபோது போனது 257. நண்பனின் யோசனையில் நஷ்டம்தான் கூடியது! அதோடு சதுரத் தூணின் மூலைகளில்தான் ஷியர் குவியும், அங்கேயே வெட்டுகிறோம்.

இன்னொரு யோசனை பலித்தது. குழாய்களைச் சதுரமாக அடுக்காமல் வரிசையாக வைத்தால் 350-க்கு 150 ஓட்டை போதும். அதன் நீளப் பக்கம் தூணைப் பார்த்தால் சரியாக 300 மி.மீ. வேலி போகிறது, குறுகிய பக்கம் தூணைப் பார்த்தால் 129 மட்டும்தான். ஒரே ஓட்டை, ஒரே தூரம், திருப்பி வைத்த விதத்தில் பாதிக்கு மேல் வித்தியாசம். ஆனாலும் அந்த 129-க்குக் கணக்குப் போட்டால் சராசரி 1.354, மையம் நகர்வதைச் சேர்த்தால் 1.40, மயிரிழையில் தாண்டுகிறது. ஆகவே திருப்புவது உதவும், தீர்த்து வைக்காது.

தீர்த்து வைப்பது தூரம். பழைய 300 மி.மீ. சதுர ஓட்டையையே தூண் முகத்திலிருந்து 1,000 மி.மீ. தள்ளினால் போவது 75 மி.மீ. மட்டும். சராசரி 1.32, மையம் நகர்வதோடு 1.35. பாஸ். இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஒரு மீட்டர் தள்ளிப் போன ஓட்டையையும் கணக்கில் எடுக்க வேண்டுமா? நம் கோடுபடி எடுக்க வேண்டும். தள கனத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குள், அதாவது நம் தளத்தில் 2,400 மி.மீ.-க்குள் இருக்கும் எந்த ஓட்டையும், அல்லது காலம் ஸ்ட்ரிப்புக்குள் இருக்கும் எந்த ஓட்டையும் வேலியைக் குறைக்கும். அமெரிக்கக் கோடான ஏ.சி.ஐ. 318 முன்பு இதே பத்து மடங்கைத்தான் வைத்திருந்தது. 2019 பதிப்பில் நாலு மடங்காகக் குறைத்துவிட்டார்கள். ஐரோப்பியக் கோட்டின் 2004 பதிப்பில் இது 6d. ஆனால் அவர்களுடைய வேலி தூண் முகத்திலிருந்து 2d தூரத்தில் இருக்கிறது, தாங்குதிறன் சூத்திரமும் வேறு. தூரத்தை ஒரு கோட்டிலிருந்தும் சுற்றளவை இன்னொரு கோட்டிலிருந்தும் எடுத்துக் கலப்பது, சாம்பாரில் பாயசத்தை ஊற்றுகிற வேலை. எந்தக் கோட்டில் ஆரம்பித்தோமோ அதிலேயே முடிக்க வேண்டும்.

"ஓட்டையை நகர்த்த முடியாது, ஷியர் கம்பி போட்டுச் சமாளிப்போம்" என்று சீனியர்களுக்காக வாதாடிய ஒருவனும் உண்டு. கோடு அதைத் தடுக்கவில்லை. ஸ்ட்ரெஸ் 1.5 τc-ஐத் தாண்டாதவரை, அதாவது இங்கே 2.05 வரை, ஷியர் கம்பி போடலாம். தாண்டினால் டிசைனையே மாற்ற வேண்டும். 1.435-தானே, தாராளம் என்று தோன்றுகிறதல்லவா? இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. கம்பி போடத் தொடங்கிய நிமிடமே கான்கிரீட்டின் பங்கு பாதியாகிவிடும். விரிசல் விட்ட பிறகுதான் கம்பி வேலை செய்யும். விரிசல் விட்ட கான்கிரீட்டிடம் முழுத் திறனை எதிர்பார்க்க முடியாது. அதனால் கான்கிரீட் 0.5 τc, நமக்கு 0.685 மட்டும்தான் தாங்கும் என்று எடுத்து, மீதி முழுவதையும் கம்பி தாங்க வேண்டும். சராசரியை வைத்தே பார்த்தாலும், நமக்குக் குறைந்தது வெறும் 28 கிலோநியூட்டன். ஆனால் கம்பி போட வேண்டியது 321 கிலோநியூட்டனுக்கு. அந்தக் கம்பியும் வேலியோடு நிற்காது. ஸ்ட்ரெஸ் 0.685-க்குக் கீழே இறங்கும் வரை, தூண் முகத்திலிருந்து ஏறக்குறைய 400 மி.மீ. தூரத்துக்குப் போக வேண்டும். அந்தத் தூரத்துக்குள்தான் நம் ஓட்டையும் உட்கார்ந்திருக்கிறது.

240 மி.மீ. தளத்துக்குள் இந்தக் கம்பியைக் கட்டுவது காகிதத்தில் போடுகிற மாதிரி இல்லை. ஸ்டிரப் மேல் கம்பியையும் அடிக் கம்பியையும் பிடித்திருக்க வேண்டும். பாதியில் நின்றால் விரிசல் அதைத் தாண்டிப் போய்விடும். தூணின் மேல் கம்பிகள் நெருக்கமாக இரண்டு திசையில் ஓடும் இடம் அது. எங்கப்பா கம்பி கட்டும் வேலை செய்கிறவர். இந்தப் படத்தை வீட்டில் காட்டியபோது, "இதுல கை நுழையுமா தம்பி? கை நுழையலேன்னா கட்டுனேன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றார். எந்த டிசைன் புத்தகத்திலும் இந்த வரி இல்லை. 2023 ஏப்ரலில் தென்கொரியாவின் இன்சியான் நகரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளம் இடிந்தது. அதுவும் பீம் இல்லாத தளம். போட வேண்டிய ஷியர் கம்பி பல தூண்களில் இல்லவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. இரவு நேரம், ஆளில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினார்கள்.

என் அபிப்பிராயம், ஓட்டையை நகர்த்த முடியாவிட்டால் கம்பியைவிட ட்ராப் மேல். தூணைச் சுற்றி 2 மீட்டர் சதுரத்துக்குத் தளத்தை 300 மி.மீ. ஆக்கினால் d 260 ஆகிறது. ஓட்டை அதே 150 மி.மீ. தூரத்திலேயே இருந்தாலும் சராசரி ஸ்ட்ரெஸ் 1.0 பக்கம் இறங்கிவிடுகிறது. சென்ட்ரிங்கில் ஒரு படி கூடும், சீலிங்கின் அழகு கொஞ்சம் போகும். கட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். ட்ராப்பின் ஓரத்துக்கு வெளியேயும் ஒரு வேலி போட்டு 200 மி.மீ. d-க்குச் சரிபார்க்க வேண்டும். இங்கே அதன் சுற்றளவு பெரிது என்பதால் சுலபமாகப் பாஸ் ஆகிறது.

நூற்றுக்கு ஐந்து பங்கு தாண்டியதற்கு இவ்வளவு கூச்சலா என்று கேட்கலாம். சேஃப்டி ஃபேக்டர் இருக்கிறதே? பீமில் மொமெண்ட் ஐந்து பங்கு கூடினால் கம்பி நீளும், பீம் தொங்கும், விரிசல் காட்டும், பக்கத்து இடங்களுக்குச் சுமையைப் பங்கு போடும். பஞ்சிங்கில் இந்தத் தயவு கிடையாது. ஒரு தூணில் தளம் துளைத்துக்கொண்டால் அந்த 600 கிலோநியூட்டன் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். அவையும் ஏற்கெனவே மட்டுமட்டாக இருப்பவை. அதே சியோல் பக்கத்திலிருந்தே இன்னொரு உதாரணம். 1995 ஜூன் 29 மாலையில் சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். அதுவும் ஃப்ளாட் ஸ்லாப். வரைபடத்தில் இருந்ததைவிடத் தூண்கள் மெலிந்திருந்தன. எஸ்கலேட்டர் ஓரத்தில் தீத்தடுப்பு ஷட்டர் வைப்பதற்காகச் சில தூண்களைச் செதுக்கியிருந்தார்கள். முதலில் திட்டமிடாத மாடியையும், கூரையில் கனமான ஏ.சி. யூனிட்டுகளையும் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலியைக் குறைத்தது அல்லது ஒரு சுமையைக் கூட்டியது. அன்று காலையிலேயே மேல்மாடியில் தூண்களைச் சுற்றி விரிசல் தெரிந்தது. மாடியை மூடினார்கள், கட்டடத்தைக் காலி செய்யவில்லை. மாலையில் முழுப் பகுதியும் அரை நிமிடத்துக்குள் கீழே வந்துவிட்டது.

அந்த விரிசல் எங்கே தெரிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். தளத்தின் மேற்பரப்பில், தூணைச் சுற்றி. தூண் இருக்கும் இடத்தில் இழுவிசை மேல்பக்கம்தான். அதனால் முதலில் தூணிலிருந்து கதிர் மாதிரி மெல்லிய கோடுகள், அப்புறம் தூணைச் சுற்றி வளையமாக ஒரு கோடு. கீழே நின்று சீலிங்கைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால் அங்கும் தெரியாது. தூணைச் சுற்றி டைல்ஸ் தூக்கிக்கொள்வதோ, வளையமாக இணைப்பு பிளப்பதோதான் அடையாளம். பிளாஸ்டர் விரிசல் என்று நினைத்து வெள்ளை சிமெண்ட் பூசிவிடுகிற இடமும் இதுதான்.

ரிவ்யூ செய்கிறவர் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை மட்டும் பார்த்தால் பாதி ஓட்டைகள் கண்ணில் படாது. எங்களுக்குக் கிடைத்த ரிப்போர்ட்டிலேயே தள டிராயிங்கில் ஒரே ஓட்டை. பிளம்பிங் டிராயிங்கை மேலே வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதே தூணின் இன்னொரு பக்கத்தில் 110 மி.மீ. குழாய்க்கு மூன்று ஸ்லீவ் வரிசையாக இருந்தன. தனித்தனியாகச் சின்ன ஓட்டைகள்தான். ஆனால் நூல் பிடித்தால் மூன்றும் சேர்ந்து ஒரு பெரிய ஓட்டை மாதிரி வேலியை மறைக்கின்றன. நடுவில் விட்டிருந்த இரண்டு அங்குல கான்கிரீட்டை நம்பி அதைப் பிரித்துக் கணக்கிட நாங்கள் சம்மதிக்கவில்லை. தூணை ஒட்டியே ஏன் எல்லாக் குழாயும் வருகிறது என்றால், குழாயை மறைக்கத் தூண் மூலை வசதி. ஆர்க்கிடெக்ட்டுக்கு அது வீணான இடம். நமக்கு அதுதான் முக்கியமான இடம்.

சைட்டில் செய்ய வேண்டியது கான்கிரீட் போடுவதற்கு முன் ஒரு டேப் வேலை. ஒவ்வொரு ஸ்லீவுக்கும் தூண் முகத்திலிருந்து தூரத்தை அளந்து டிராயிங்கோடு ஒப்பிட வேண்டும். ஸ்லீவ் கம்பியில் இடித்தால் கம்பிக்காரர் அதை ஒரு சாண் நகர்த்திக் கட்டிவிடுவார். பெரும்பாலும் தூண் பக்கமாகத்தான் நகரும், அங்கே ஷட்டர் பலகையில் இடம் இருக்கும் என்பதால். நம் கணக்கில் 300 மி.மீ. ஓட்டை தூண் முகத்திலிருந்து 385 மி.மீ.-க்கு உள்ளே வந்தாலே சராசரி ஸ்ட்ரெஸ் எல்லையைத் தொட்டுவிடுகிறது. மையம் நகர்வதைச் சேர்த்தால் எல்லை அதற்கும் வெளியே போகும். தளம் இறுகிய பிறகு கோர் கட்டிங் மெஷினோடு வருகிறவர் விஷயம் வேறு. அவர் ஓட்டை போடுவதோடு மேல் கம்பியையும் அறுத்துவிடுவார். அறுத்த கம்பிக்கு ஈடாக ஓட்டையின் பக்கங்களில் போட வேண்டிய கம்பியை அப்போது எங்கே நுழைப்பது? தூணைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு மெஷின் வைக்கக் கூடாது என்பதைத் தளத்தின் டிராயிங்கிலேயே ஒரு கட்டம் போட்டு எழுதி வைக்கலாம் என்று எங்கள் ரிவ்யூ ஷீட்டில் குறித்திருக்கிறோம். நாங்கள் போட்ட கட்டம், தூண் முகத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர்.